எட்டு நிமிட நன்றியுரை இரண்டரை நிமிடமாகும் விதம்: ஒரு பள்ளி ஆண்டு விழாவை முன்வைத்து

ஆண்டு விழா அழைப்பிதழில் கடைசிக்கு முந்தைய வரி நன்றியுரை, கடைசி வரி நாட்டுப்பண். விழாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டுக்கும் நடுவே வாசலைத் தாண்டியிருப்பார்கள். நன்றியுரை நீளம் என்பதால் போகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது முழுக்கச் சரியில்லை. அந்த உரையில் தாங்கள் இதுவரை கேட்காத எதுவும் வராது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் போகிறார்கள். இதை ஒரு விழாவின் கணக்கை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

ஆய்வுக்காக ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியை வைத்துக்கொள்வோம். ஆறு முதல் பத்து வரை 400 பிள்ளைகள், 18 ஆசிரியர்கள். விழா 4:30 மணிக்கு என்று அழைப்பிதழ் சொல்கிறது. சிறப்பு விருந்தினரான மாவட்டக் கல்வி அலுவலர் வந்து சேர 5:05 ஆகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, வாழ்த்துரைகள், சிறப்புரை எல்லாம் முடிய 6:50. பரிசளிப்பு 7:35 வரை. அலுவலர் 7:40-க்குக் கிளம்பிவிடுகிறார். அதன்பின் 14 கலை நிகழ்ச்சிகள். கடைசி நடனம் முடியும்போது மணி 9:20. உதவித் தலைமையாசிரியர் நன்றியுரைக்கு எழுகிறார்.

அவர் கையில் 47 பெயர்கள். விருந்தினரும் ஊர்ப் பெரியவர்களும் 12, கொடையாளர்கள் 6, ஆசிரியர்கள் 18, ஆசிரியர் அல்லாத பணியாளர்கள் 5, பந்தல், ஒலிபெருக்கி, புகைப்படம், பூ, அச்சகம், வண்டி என்று வேலை செய்து கொடுத்தவர்கள் 6. ஒவ்வொரு பெயருக்கும் பதவி, அடைமொழி, பிறகு ‘அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்’. சராசரியாகப் பெயருக்குப் 10 சொல் என்றால் 470 சொல். முன்னுரைக்கும் முடிவுரைக்கும் 100 சொல் சேர்த்தால் 570. மேடையில் நிதானமாகப் பேசும் தமிழ் நிமிடத்துக்கு 90 சொல் அளவில்தான் ஓடும். நம் சொற்கள் நீளமானவை. ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ என்பதைச் சொல்லவே ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது. ஆக 6 நிமிடம் 20 விநாடி. நடுவில் மேடைக்கு வரும் துண்டுச் சீட்டுகள், அதில் உள்ள கையெழுத்தைப் புரிந்துகொள்ளும் நேரம், தவறாகப் படித்துத் திருத்துவது எல்லாம் சேர்ந்து 8 நிமிடம். அவர் முடிக்கும்போது முன்வரிசை சோபாக்களில் யாரும் இல்லை. ஒலிபெருக்கிக்காரர் மேடை ஓரத்து மைக்கின் வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். அவருக்கான நன்றி பட்டியலில் 43-ஆவது.

இதில் பேசியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெயர் விட்டுப்போனாலும் மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். விடுபட்டுவிடுமோ என்ற பயம்தான் பட்டியலை நீட்டுகிறது. ‘சுருக்கமாகப் பேசுங்கள்’ என்ற அறிவுரையால் அந்தப் பயம் போகாது. யாரை விடலாம், ஏன் விடலாம் என்பதற்கு ஒரு நியாயம் கையில் இருந்தால்தான் போகும்.

அந்த நியாயம் அன்றைய மேடையிலேயே இருக்கிறது. சிறப்பு விருந்தினரின் பெயர் அந்த மாலையில் எத்தனை முறை சொல்லப்பட்டது என்று எண்ணினால் போதும். தொகுப்பாளர் மேடைக்கு அழைத்தபோது ஒன்று, வரவேற்புரையில் ஒன்று, பொன்னாடை போர்த்தும்போது ஒன்று, தலைமையுரையின் விளிப்பில் ஒன்று, ஆண்டறிக்கையின் விளிப்பில் ஒன்று, வாழ்த்துரை வழங்கிய மூவரின் விளிப்பில் மூன்று, அவரை அறிமுகம் செய்தபோது ஒன்று, நினைவுப் பரிசு கொடுத்தபோது ஒன்று. ஆகப் பத்து முறை. பேச எழும் ஒவ்வொருவரும் மேடையில் இருப்போரை வரிசையாக விளித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவது நம் வழக்கம். அதனால் முன்வரிசைப் பெயர்கள் எல்லாமே ஐந்தாறு முறை சொல்லியாகிவிட்டன. மறுபக்கம், முந்தைய நாள் மைதானத்தைப் பெருக்கிய தூய்மைப் பணியாளரின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அழைப்பிதழிலும் இல்லை.

எனவே விதி இது: அன்றைக்கு மேடையில் சொல்லப்பட்ட பெயரை நன்றியுரையில் மறுபடி சொல்ல வேண்டாம், பதவியால் குறிப்பிட்டால் போதும், சொல்லப்படாத பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விதிவிலக்கு ஒருவருக்கு மட்டும், சிறப்பு விருந்தினருக்கு. இந்தச் சல்லடையில் 47 பெயரையும் போட்டால் ஏழுதான் நிற்கின்றன. 18 ஆசிரியர்களும் வரவேற்பு, தொகுப்பு, பரிசு வாசிப்பு, நடனப் பயிற்சி என்று ஏதாவதொரு இடத்தில் பெயரோடு வந்துவிட்டார்கள். யாராவது வரவில்லையென்றால் கலை நிகழ்ச்சிக்கு முன் ‘பயிற்சி அளித்தவர்’, ‘உடை அலங்காரம்’ என்று தொகுப்பாளரை விட்டுச் சொல்ல வைக்கலாம். அங்கே அந்தப் பெயருக்குக் கைதட்டல் கிடைக்கும், ஒன்பதரை மணிக்குக் கிடைக்காது. கொடையாளர்களுக்கும் இதுவே வழி. ‘இந்தப் பரிசை வழங்குபவர்’ என்று பரிசளிப்பின்போதே ஐந்து பெயரைப் படித்துவிட்டால், மேடைத் திரை கொடுத்தவர் ஒருவர்தான் மிச்சம். பணியாளர்களில் இருவரையும், புகைப்படம், பூ, அச்சகம், வண்டி பார்த்துக்கொண்ட நால்வரையும் இப்படியே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். கொடைத் தொகையை எங்கேயும் படிக்கக்கூடாது. ஆயிரம் கொடுத்தவரையும் பத்தாயிரம் கொடுத்தவரையும் அடுத்தடுத்துப் படித்தால், ஆயிரம் கொடுத்தவர் அடுத்த ஆண்டு கொடுக்க யோசிப்பார். பொருளைச் சொன்னால் போதும்.

இரண்டாவது சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், ஆளுக்கொரு வாக்கியம் சொன்னால் ஒவ்வொன்றும் ஒரே வாலோடு முடியும். 47 முறை ‘தெரிவித்துக்கொள்கிறேன்’. இதற்கு மாற்றாகச் சிலர் ‘அவர்களுக்கும், அவர்களுக்கும், அவர்களுக்கும்’ என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு நன்றி வைப்பார்கள். நாலு ‘உம்’ வரை காது தாங்கும். பத்தாவது ‘உம்’ வரும்போது இந்த வாக்கியம் எங்கே போகிறது என்றே கேட்பவருக்கு மறந்துவிடும். நம் மொழியிலேயே இதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. பெயர்களை உருபில்லாமல் வரிசையாகச் சொல்லி, ‘மூவருக்கும் நன்றி’, ‘இருவருக்கும் நன்றி’ என்று ஒரு தொகைச் சொல்லால் முடிச்சுப் போடுவது. அந்த முடிச்சு விழும் இடத்தில் கூட்டத்துக்கும் கைதட்டத் தோன்றும்.

‘நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்’ என்பதையும் விட்டுவிடலாம். கடன் இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, கொடுக்கிறதாக இல்லை. ‘முதற்கண்’ ஓர் உரையில் ஒருமுறைதான் வர முடியும். மூன்று பேருக்கு ‘முதற்கண்’ நன்றி சொன்ன மேடைகள் நிறைய. திருக்குறளில் 110-ஆம் குறளோடு தொடங்குவதும் பழக்கமாகிவிட்டது. செய்ந்நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்கிற குறள் அது. நன்றி சொல்ல வந்த இடத்தில் யாரை எச்சரிக்கிறோம் என்று யோசித்தால் அந்த 15 விநாடி மிச்சமாகும்.

மூன்றாவது, இடம். நன்றியுரை எங்கே நிற்கிறது என்பது எவ்வளவு நீளம் என்பதைவிட முக்கியம். மேற்சொன்ன விழாவில் கூட்டத்தைக் கலைத்தது எட்டு நிமிட உரை அல்ல. அதற்கு முன் தொகுப்பாளர் சொன்ன ‘இத்துடன் கலை நிகழ்ச்சிகள் இனிதே நிறைவடைகின்றன’ என்ற ஒரு வரி. அதைக் கேட்டதும் பெற்றோர் பிள்ளையைத் தேடி மேடைக்குப் பின்னால் போகிறார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. இருட்டில் அரிதாரத்தோடு நிற்கும் பத்து வயதுப் பிள்ளையைவிட நன்றியுரை பெரிதில்லை.

நன்றியுரையைக் கடைசி நடனத்துக்கு முன்னால் வைக்கும் பள்ளிகள் உண்டு. கூட்டம் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அழைப்பிதழ் வரிசை மாறுகிறது என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். நடனம் முடிந்த களேபரத்தில் நாட்டுப்பண்ணும் சிதறும். அதைவிட நல்ல ஏற்பாடு, கடைசி நடனக் குழுவை மேடையை விட்டு இறக்காமல் அப்படியே வரிசையாக நிறுத்தி, ஓரத்தில் நின்று நன்றியுரையைப் படிப்பது. பெற்றோர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே இருப்பார்கள். விளக்கும் அணையாது. நாட்டுப்பண்ணுக்கு அந்தப் பிள்ளைகளே மேடையில் நிற்பார்கள். இதற்கு ஒரு நிபந்தனை: ஆடிக் களைத்த பிள்ளைகள் இரண்டரை நிமிடம் நிற்பார்கள், எட்டு நிமிடம் நிற்கமாட்டார்கள். உரை நீண்டால் அந்த ஏற்பாடே கொடுமையாகிவிடும். பேசுபவருக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடையாது.

பிள்ளைகளை எங்கே வந்து அழைத்துப்போவது, வாடகை உடையை எப்போது திருப்பித் தருவது போன்ற அறிவிப்புகளை நாட்டுப்பண்ணுக்குப் பின் சொல்லிப் பயனில்லை. நன்றியுரைக்கு அழைக்கும்போதே தொகுப்பாளர் சொல்லிவிட வேண்டும்: ‘பிள்ளைகள் வகுப்பு ஆசிரியரோடு ஏழாம் வகுப்பு அறையில் இருக்கிறார்கள், நாட்டுப்பண் முடிந்ததும் அங்கே வந்து அழைத்துக்கொள்ளுங்கள்.’ பிள்ளை எங்கே என்று தெரிந்த பெற்றோர் உட்காருவார்.

இந்த மூன்றையும் வைத்து அதே விழாவுக்கு எழுதிய உரை கீழே. புள்ளியிட்ட இடங்களில் பெயர் வரும்.

“அனைவருக்கும் வணக்கம். மேடையில் நிற்கும் இந்தப் பிள்ளைகளின் கால் வலிக்கும் முன்னே முடித்துவிடுகிறேன்.

இன்று 96 பிள்ளைகளுக்கும் தம் கையாலேயே பரிசு கொடுத்து, ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுப் பேசிய மாவட்டக் கல்வி அலுவலர் திருமதி …… அவர்களுக்கு நன்றி. நூலகப் புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னது எங்களுக்குச் சொன்னது, கேட்டுக்கொண்டோம். மேடையில் உடனிருந்து வாழ்த்திய ஊராட்சி மன்றத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மூவருக்கும் நன்றி. எனக்குப் பின்னால் தொங்கும் இந்தத் திரை, நம் பழைய மாணவர் …… தைத்துக் கொடுத்தது. அவருக்கும், பரிசுப் பொருள்கள் வாங்க உதவிய மற்ற ஐவருக்கும் நன்றி.

ஒரு மாதமாக மாலை 5:30 மணி வரை இருந்து ஆடவும் பாடவும் பழக்கிய ஆசிரியர்கள், அவர்களுடைய பாடவேளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட ஆசிரியர்கள், எல்லாரையும் ஒன்றாக இழுத்து வந்த தலைமையாசிரியர் அனைவருக்கும் நன்றி. நேற்று இந்த மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தவர் …… அம்மா. இப்போதும் வாசலில் நிற்பவர் இரவுக் காவலர் …… அண்ணன். ஆடப்போகும் பிள்ளைகள் பசியோடு போகக்கூடாது என்று சுண்டல் அவித்துக் கொடுத்தவர் சத்துணவு சமையலர் …… அக்கா. இவர்கள் மூவரும் இன்று மேடை ஏறவில்லை; உங்கள் கைதட்டல் அங்கே கேட்கட்டும். பந்தல் போட்ட திரு. ……, ஒலி ஒளி அமைத்த திரு. …… இருவருக்கும் நன்றி.

பெற்றோர்களே, உடைக்கு ஓடி, பூ வாங்கி, அரிதாரம் பூசி, நாலரை மணியிலிருந்து இந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள் நீங்கள். இருந்து பார்த்ததற்கு நன்றி.

மாணவர்களே, ஆடியவர்கள், பாடியவர்கள், பரிசு வாங்கியவர்கள் பெயரெல்லாம் இன்று கேட்டாயிற்று. நாற்காலி தூக்கியவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள், வரிசை பார்த்துக்கொண்ட சாரணர்கள், பின்னால் உட்கார்ந்து கடைசிவரை கைதட்டியவர்கள், இந்த விழா உங்களுடையது. நன்றி.

நாட்டுப்பண்ணுக்கு அனைவரும் எழுந்து நிற்போம்.”

ஏறக்குறைய 200 சொல். பேச இரண்டே கால் நிமிடம். கைதட்டலுக்கு இடம் விட்டால் இரண்டரை. சில வரிகளைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

விருந்தினருக்கான வரியை முன்கூட்டியே எழுத முடியாது. ‘தம் பணிச்சுமைக்கு இடையிலும் வருகை தந்து’ என்பது எந்த அலுவலருக்கும், எந்த ஊரிலும் பொருந்தும். அதனாலேயே யார் காதிலும் விழாது. இங்கே ‘96 பிள்ளைகளுக்கும் தம் கையாலேயே’ என்பதும், நூலகப் பேச்சும் அன்று மேடையில் நடந்ததைப் பார்த்து எழுதியவை. தாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்து, விருந்தினர் பேசும்போது ஓர் ஆசிரியர் ஒரே ஒரு வாக்கியத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பரிசளிப்பு முடிவதற்குள் அது தாளில் ஏறிவிடும். ‘செய்கிறோம்’ என்று வாக்குறுதியாகச் சொல்லாமல் ‘கேட்டுக்கொண்டோம்’ என்று நிறுத்தியிருப்பதும் வேண்டுமென்றுதான். தலைமையாசிரியரைக் கேட்காமல் மேடையில் வாக்குக் கொடுக்கும் உரிமை நன்றி சொல்பவருக்கு இல்லை.

விருந்தினர் 7:40-க்கே போய்விட்டார் என்பதையும் மறக்கக்கூடாது. அவர் கிளம்பும்போது நினைவுப் பரிசோடு தலைமையாசிரியர் இரண்டு வாக்கியத்தில் நேராக நன்றி சொல்லிவிட வேண்டும். அவர் காதில் விழுவது அதுதான். ஒன்பதரை மணிக்குச் சொல்வது ஊருக்கு. ஆகவே ‘இங்கே வீற்றிருக்கும்’ என்று காலி நாற்காலியைக் காட்டக்கூடாது. இதைவிட மோசமான தவறும் நடப்பதுண்டு. அழைப்பிதழைப் பார்த்தே பட்டியல் எழுதியிருப்பார்கள். அன்று வராத சட்டமன்ற உறுப்பினருக்கு ‘வருகை தந்து சிறப்பித்தமைக்கு’ நன்றி போய்விடும். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தால் அதுதான் காரணமாக இருக்கும். ஏழு மணிக்கு ஒருமுறை அழைப்பிதழை எடுத்து, வந்தவர் பெயர்களின் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இது நேராது.

பணியாளர் பகுதியில் மட்டும் ‘அம்மா’, ‘அண்ணன்’, ‘அக்கா’ வந்திருக்கிறது. பிள்ளைகள் அவர்களை அழைப்பது அப்படித்தான். ‘திருமதி’ போட்டுச் சொன்னால் யாரைச் சொல்கிறார்கள் என்று பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் அவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். முறைப் பெயரை மேடையில் கேட்க விரும்பாதவர்களும் உண்டு. ஒலி அமைப்பாளரைப் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் முன்பே முடித்ததற்குக் காரணம் அந்தச் சுருட்டிய வயர்தான். தன் பெயர் வந்துவிட்டது, அடுத்தது நாட்டுப்பண் என்று தெரிந்தால் அவர் கருவியை விட்டு நகரமாட்டார். நன்றியுரைக்கும் நாட்டுப்பண்ணுக்கும் நடுவே அவர் பாட்டைத் தேடும் அரை நிமிட மௌனம் கூட்டத்தை மறுபடி கலைத்துவிடும். நாட்டுப்பண்ணே 52 விநாடிதான். பிள்ளைகளே நேராகப் பாடினால் இந்தத் தொல்லையும் இல்லை.

மாணவர்களைக் கடைசியில் வைப்பதை மட்டும் எந்த மேடையிலும் மாற்ற வேண்டாம். விருந்தினரில் தொடங்கி இறங்கிவரும் வரிசை பழக்கமானது, யாருக்கும் மனத்தாங்கல் வராது. உரத்த சத்தம் பிள்ளைகளிடமிருந்துதான் வரும். அந்தச் சத்தம் அடங்கும் கணத்தில் ‘எழுந்து நிற்போம்’ என்றால் மைதானம் முழுவதும் ஒன்றாக எழும்.

இனித் துண்டுச் சீட்டு. எவ்வளவு நன்றாகத் திட்டமிட்டாலும் இரண்டு சீட்டாவது மேடைக்கு வரும். கட்சிப் பிரமுகர் ஒருவர், தாமதமாக வந்த ஒரு தலைவர். மறுக்க முடியாது. விருந்தினர் பகுதியின் முடிவில், அந்த ‘மூவருக்கும் நன்றி’ என்பதற்கு முன்னால் இரண்டு வெற்று வரிகளை விட்டுவைத்தால் சீட்டில் வந்தவர் அங்கே சேர்ந்துகொள்வார், மூவர் ஐவராவார்கள். சீட்டு அந்தப் பகுதி முடிந்த பின் வந்தால் பின்னோக்கிப் போகக்கூடாது. சீட்டைத் தொகுப்பாளரிடம் கொடுத்து, அவர் போய் அந்தப் பெரியவருக்கு நேரில் கும்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லி வருவதுதான் முறை. ‘யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்’ என்ற வரியையும் போடாமலிருப்பதே நல்லது. அதைக் கேட்ட பிறகுதான் தன் பெயர் வரவில்லையே என்று பலருக்கு நினைவு வருகிறது.

தாள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. கைபேசியைப் பார்த்துப் படிக்க வேண்டாம். திரை அணையும், நடுவில் அழைப்பு வரும். பாதி அளவுத் தாள் நான்கு, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி, 18 புள்ளி எழுத்து, மூலையில் பெரிதாக எண். பெயர்களைத் தலைப்பெழுத்தோடு உரியவரிடமே கேட்டு எழுத வேண்டும். நடனத்துக்காக மேடை விளக்கை வண்ணத்துக்கு மாற்றியிருப்பார்கள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மையால் குறித்த திருத்தம் எதுவும் தெரியாது. கறுப்பு மையிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

விழா இன்னும் தாமதமானால் என்ன செய்வது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 9:50-க்குத்தான் மைக் கையில் வருகிறது என்றால், இந்த உரையிலிருந்தும் வெட்ட வேண்டும். அப்போது வெட்ட வேண்டியது மேடைப் பெரியவர்களைச் சொல்லும் வரியும் கொடையாளர் வரியும்தான். அவர்களுக்கான நன்றி மாலையிலேயே பலமுறை போய்ச் சேர்ந்துவிட்டது. மைதானம் பெருக்கிய அம்மாவின் பெயரை வெட்டினால் அதைச் சொல்ல அடுத்த ஆண்டு விழாதான்.